முதல் வெடிக்கு முன்னால் ஒரு ஹாரன்

1

நான் இருக்கும் ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. கார் வாங்கிய முதல் வாரம், ஒரு சின்ன வளைவில், பழக்கதோஷத்தில் நீளமாக ஒரு அமுக்கு அமுக்கினேன். நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, என் கண்ணாடியைத் தட்டி, "நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனம் நொந்து கேட்டார்.

அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் ஊர் பெரும்பாறைப் பக்கம் மலைரோட்டில் வளைவுக்கு ஹாரன் அடிக்காதவன்தான் கெட்டவன். ஐப்பசி, கார்த்திகையில் பனி இறங்கிவிட்டால் எதிரில் வருவது பஸ்ஸா, மாடா, காப்பி மூட்டை சுமந்து வரும் பெண்ணா என்று தெரியாது. ஹாரன் ஒன்றுதான் கண். "நான் இங்கே வருகிறேன், ரோடு இங்கேதான் இருக்கிறது" என்று இருட்டுக்குச் சொல்கிற வார்த்தை அது. "மன்னிக்கணும் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு நான் இங்கே ஹாரன் அடிப்பதே இல்லை.

ஏழு வருஷம் ஆகிறது. மனைவி பிரேமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். முதியோர் இல்லம் ஒன்றில் வயசானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றுகிற வேலை. மகள் நிலாவுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் இந்த ஊர் இங்கிலீஷில். அது எனக்குப் பாதிதான் விளங்கும்.

இந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத் தீபாவளியைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஹாரனில் தொடங்கிவிட்டேன். பரவாயில்லை, அங்கேதான் முடியவும் போகிறது.

2

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஜோதி கூப்பிட்டாள். ஜோதி என் சிநேகிதன் கனகராசுவின் சம்சாரம். கனகு என்றால்தான் ஊரில் தெரியும். நானும் அவனும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். லயம் என்றால் எஸ்டேட் வரிசை வீடுகள். எங்கள் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் காப்பித் தோட்டத்தில் சேர்ந்தவர்கள். தேயிலை காப்பியாக மாறியது. லயம் என்கிற பேரும் வீட்டின் அளவும் மாறவில்லை.

கனகு இருபது வருஷமாக எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். மே மாசம் முதலாளி வண்டியையும் பெர்மிட்டையும் கீழ்நாட்டு ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். புதிதாக வாங்கியவர் தன் மச்சானை டிரைவராக வைத்துக்கொண்டு வண்டியைச் சமவெளியில் வேறு தடத்தில் ஓட விட்டார். கனகுவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, "ஒன் தெறமைக்கு ஆயிரம் வேலை கெடைக்கும்யா" என்று சொல்லி அனுப்பினாராம் பழைய முதலாளி. அன்றையிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா" என்று தொடங்கிய ஜோதி அடுத்த மூச்சிலேயே அழுதுவிட்டாள்.

"என்ன ஜோதி, என்ன ஆச்சு?"

"வெள்ளனே நாலரைக்கு எந்திரிச்சிர்றாருண்ணே. காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு ரோட்டுக்குப் போயிர்றாரு. பனிக்குள்ள நிக்கிறாரு. எங்க போறீகன்னு கேட்டா, சும்மாங்கிறாரு. விடிஞ்சு வாராரு. யார்கிட்டயும் பேச்சில்ல. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

எனக்கும் பயம்தான். அதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"வேல போனது பத்தி பேசுறாரா?"

"ஊரே வந்து பேசிருச்சுண்ணே. ஆறுதல் சொல்றோம்னு வருவாக, இவரு எந்திரிச்சு பின்னால போயிருவாரு. தீவாளிக்கு நீங்க ஒரு வார்த்த பேசுங்க. ஆனா பாவம்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த வார்த்தையக் கேட்டா அவரு மொகம் செத்துப்போகுது."

போனை வைக்கும் முன் இன்னொன்று சொன்னாள். "இந்த வருசம் முதல் வெடிக்கு இவரைக் கூப்பிட வேணாம்னு ஊர்ல பேசிக்கிட்டாகளாம். மனசு கஷ்டப்படும்ல, பாவம்னு."

3

முதல் வெடி என்னவென்று சொல்ல வேண்டும். தீபாவளி அன்று காலை ஐந்தரை மணிக்குக் கனகுவின் பஸ் மேல்லயத்திலிருந்து இறங்கும். அன்றைக்கு யார் ஊர் போகப் போகிறார்கள்? பஸ் காலி. ஆனாலும் எடுப்பான். ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் நிறுத்தி நீளமாக ஹாரன் அடிப்பான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுத்துணியோடு, கையில் ஊதுபத்தியோடு பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த ஹாரன் கேட்டபிறகுதான் அந்த லயத்தில் முதல் வெடி. அதற்கு முன்னால் எவனாவது வெடித்தால் பெற்றவள் முதுகில் ஒன்று வைப்பாள். முறுக்கும் அதிரசமும் பஸ்ஸின் முன்பலகையில் குவியும். கீழ்லயம் போய்ச் சேரும்போது கனகுவுக்கு ரோடு தெரியாத அளவுக்குப் பலகாரம் இருக்கும்.

யாரும் தீர்மானம் போட்டு ஏற்படுத்தியதில்லை. அவன் ஓட்ட ஆரம்பித்த வருஷம் விளையாட்டாக அடித்தான். அடுத்த வருஷம் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவ்வளவுதான், பழக்கமாகிவிட்டது.

இப்போது ஊர் ஒன்றுகூடி, அன்பாக, அக்கறையாக, அவனைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறது. ஜோதி அதைச் சொன்னபோது என் மூக்கில் காய்ந்த இரும்பு வாடை அடித்தது. சத்தியமாக அடித்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில், அவித்த உருளைக்கிழங்கு வாசனைக்கு நடுவில்.

4

அந்த வாடை என் அப்பாவுடையது.

அப்பா எஸ்டேட் ஸ்டோரில் வேலை பார்த்தார். காப்பிப் பழத்தின் தோலை நீக்குவது, களத்தில் காயவைப்பது, மூட்டை பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் அவருக்கு வேறு சோலி. வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் கழிவுக் காப்பிக்கொட்டையை லயத்துக்காரர்கள் கொண்டு வருவார்கள். அப்பா பெரிய இரும்புச் சட்டியில், காப்பி வேரை எரித்து, எல்லார் கொட்டையையும் வறுத்துக் கொடுப்பார். கருகவும் விடமாட்டார், பச்சையாகவும் விடமாட்டார். மறுநாள் காலை எல்லா லயத்திலும் ஒரே காப்பி மணம் வரும்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எஸ்டேட் கைமாறியது. புது தொரை அப்பாவை நிறுத்திவிட்டார். அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் அப்பா சட்டியைத் தேய்த்துக் கழுவி, வீட்டு வாசலில் கல் கூட்டி, தீ மூட்டி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டி காய்ந்தது. ஒருவரும் வரவில்லை.

கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, ஐயா. "மனுசன் மனசு ஒடிஞ்சு கெடக்கு, இப்பப் போயி கொட்டையக் குடுத்து வறுக்கச் சொல்றதா" என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். வத்தலக்குண்டுக் கடையில் தூள் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் தூள் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனை பேரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சாவு வீட்டில் பேசுவார்களே, அந்தக் குரல். அப்பா ஒவ்வொருவரிடமும், "வாங்க, இரிங்க" என்றார்.

அதற்கடுத்த நாள் விடிவதற்கு முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நல்ல பனி. மிளகு பறிக்கப் போன ஒரு அம்மா அவரை நாவமரத்து வளைவில் பார்த்ததாகச் சொன்னார். கூப்பிட்டாராம், திரும்பவில்லையாம். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை. பள்ளத்தில் தேடினோம், காட்டில் தேடினோம், போடி, கம்பம் வரை ஆள் போய்த் தேடியது. உடம்பும் கிடைக்கவில்லை, சேதியும் கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருஷம் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "உங்கள் தந்தை உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். "அப்படி ஒரு பதில் இதில் இல்லையே" என்றார். நல்ல பெண். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. இல்லை என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, யாரையோ நானே கையால் தள்ளிவிட்டது போல் இருந்தது.

5

ஆக, கனகுவிடம் என்ன பேசுவது?

"கவலைப்படாதே, ஆண்டவன் இருக்கான்" என்று சொல்லலாம். அதை ஊரே சொல்லிவிட்டது. "எல்லாம் நன்மைக்கே" என்றால் அவன் இடத்தில் நான் இருந்தால் செருப்பைத் தூக்குவேன். "உன் திறமைக்கு வேறு வேலை கிடைக்கும்" என்பது முதலாளி கழுத்தறுக்கும்போது சொன்ன வாசகம். "என் பிழைப்பும் இங்கே நாய்ப் பிழைப்புதான்" என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம். எனக்கு வேலை இருக்கிறது, அவனுக்கு இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். வேலை போனதைப் பற்றிப் பேசாமலே வாழ்த்து மட்டும் சொல்லலாம். அப்படிச் செய்தால் பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பலகாரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகும். வருஷா வருஷம் அவன் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புவேன். இந்தத் தடவை பிரேமா, "எல்லாருக்கும் சேத்து அனுப்பலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஒன்றுக்கு நாலாக அனுப்பினால் அந்தப் பார்சல் தலையைச் சாய்த்துக்கொண்டு போய் நிற்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் இங்கேயே ஒரு அடி விழுந்திருந்தது. எங்கள் இல்லத்துச் சமையலறையில் இருந்த மோரீன் என்ற அம்மாவை ஆள்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். நான் போய்ப் பணிவாக, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றேன். வேலை இழப்பு, இழப்புக்கு வருத்தம், சரியாகத்தானே இருக்கிறது? பிறகுதான் தெரிந்தது, இங்கிலீஷில் அது துக்க வீட்டில் மட்டும் சொல்வது. மோரீன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் சாகவில்லை, சந்திரன்" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நீ வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். மற்றவர்கள் அதையேதான் முகத்தால் சொல்கிறார்கள்" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி முன் நின்று, "கனகு, தீபாவளி வாழ்த்துடா, எப்படி இருக்க" என்று சொல்லிப் பார்த்தேன். சோபாவில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த நிலா இங்கிலீஷில் சொன்னாள்:

"அப்பா, நீங்க பாட்டிகளுக்கு மாத்திரை குடுக்குற குரல்ல பேசுறீங்க."

"என்ன குரல்?"

"அதான், வேலை செய்யுற எடத்துக் குரல். கனகு மாமாகிட்ட நீங்க கத்துவீங்க. பக்கத்து வீட்டுல சுவரைத் தட்டுவாங்க."

பிள்ளை சொன்னது சரி. கனகுவோடு நான் ஒரு நாளும் மெதுவாகப் பேசியதில்லை. என் குரல் தாழ்ந்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும், நானும் தலையைச் சாய்த்துவிட்டேன் என்று. தமிழ் பேசாத என் மகளுக்கு நான் தமிழ் பேசுகிற விதம் மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டேன்.

6

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம். அங்கே சாயங்காலம். காலிங் கார்டைச் சுரண்டி, நீளமான எண்ணை இரண்டு தடவை தப்பாக அமுக்கி, மூன்றாவது தடவை ஜோதியின் நம்பருக்குப் போட்டேன். அவள் எதுவும் சொல்லாமல் போனைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்துவிட்டாள்.

"ஏலே கனகு!"

"சொல்லு" என்றான்.

"உசுரோட இருக்கியா இல்லையா? அஞ்சு மாசமா ஒரு மனுசன் போன் போடுறான், எடுக்கத் துப்பில்ல ஒனக்கு."

"இருக்கேன்."

"வண்டி போனது தெரியும். ஒருதடவ சொல்லிர்றேன், அதோட விட்ருவோம். இருவது வருசம் இந்த மலையில ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தாம ஓட்டினவன் நீ. ஒன்னைய அந்த ஆளு அனுப்புனது எனக்கு வயிறு எரியுது. அம்புட்டுத்தான்."

"ம்."

"இப்பச் சோலியப் பேசுவோம். நாளைக்கி ஆரன் யாரு அடிக்கிறது?"

"என்ன ஆரன்?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. முதல் வெடிக்கு. பிள்ளைக காத்துக்கிட்டு நிக்கும்ல."

"வண்டி இல்ல, என்னத்த அடிக்க? அவுகளே வெடிச்சிக்கிருவாக. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

"நீ ஆறாயிரம் மைலுக்கு அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு எதுனாலும் கேப்ப."

"கேப்பேன்டா. பழைய லாரியில கழட்டுனியே ஒரு பித்தள ஆரன், ரப்பர் பந்து வச்சது, அது என்னாச்சு?"

"ஆணியில தொங்குது."

"ஒனக்குக் கை கால் இருக்கா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே ஐந்து டிகிரி.

"நடந்து போயி ஆரன் அடிக்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும்" என்றான்.

"சிரிக்கட்டும். அஞ்சு மாசமா ஒன்னையப் பாத்து அழுகுறதுக்கு அது தேவல."

"பைத்தியக்காரப் பயலே" என்றான். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று கண்டுபிடிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. ஜோதியும் எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் பயந்தேன். கடைசி வார்த்தை அதிகமோ? தேவல என்று சொல்லியிருக்கக் கூடாதோ? அப்பாவிடம் யாராவது இப்படி முரட்டுத்தனமாக, "ஏன்யா, சட்டி காயுது, எங்க கொட்டைய யாரு வறுக்கிறது?" என்று கேட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று இத்தனை வருஷமாக நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கைதானே, சாட்சியா இருக்கிறது? ஒருவேளை கேட்டிருந்தாலும் போயிருப்பாரோ என்னவோ. என் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவன் உயிரில் சோதித்துப் பார்த்துவிட்டேனோ என்று தோன்றியது. பிரேமா முறுக்குச் சுட்டாள். நான் எண்ணெய் வைக்க எடுத்த கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேனாம்.

7

தீபாவளி அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே அது வெறும் ஒரு நாள். காலை டூட்டிக்குப் போக, நிலாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் காரை எடுத்தேன். அவளை வழியில் ஒரு சிநேகிதி வீட்டில் விட வேண்டும். ஊர் முழுக்கப் பனிமூட்டம். எங்கள் தெருவில் வீடுகள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்கு இந்தப் பனி ஆகாது. ஏழு வருஷத்தில் எத்தனை தடவை, துண்டு போர்த்திய ஒரு ஆள் முன்னால் போவதைப் பார்த்து பிரேக் போட்டிருக்கிறேன். கிட்டே போனால் தபால்பெட்டியாக இருக்கும்.

தெருமுனையில் போன் ஒரு தடவை அடித்து நின்றது. மிஸ்டு கால். கனகுவின் சொந்த நம்பர்.

காரை ஓரம் கட்டிவிட்டு, கார்டு எண்ணை அமுக்கினேன்.

"ஏலே, டூட்டிக்குப் போய்ட்டியா?" என்றான். குரல் கரகரவென்று கட்டியிருந்தது. சளி பிடித்திருந்தது போல.

"இல்ல, சொல்லு."

"அடிச்சேன்டா."

எஞ்சினை அணைத்தேன்.

"அஞ்சரைக்கு மேல்லயத்துல நின்னு அமுக்குனேன். பாம் பாம்னு வாத்து மாதிரி கத்துது அது. ஒரு வீட்டுலயும் சத்தமில்ல. போச்சு, மானம் போச்சுன்னு நெனச்சேன். ரெண்டாம் தடவ அடிச்சேன். ஒரு பொட்டப்பிள்ளை கதவத் தொறந்து, 'அம்மா, பஸ்ஸு இல்லாம பஸ்ஸு வந்திருக்கு'ன்னு கத்துச்சு பாரு. வெடிச்சானுகடா. எல்லாப் பயலும் பின்னாலயே வந்துட்டானுக, கீழ்லயம் வரைக்கும். பலகாரத்த எதுல வைக்கிறதுன்னு தெரியாம என் காக்கிச் சட்டைப் பையில திணிச்சுவிட்டாளுக. சட்டையெல்லாம் எண்ணெய். ஜோதி திட்டுறா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பின்சீட்டில் நிலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை கெடைக்கல. கெடச்சா நானே சொல்றேன், நீயாக் கேக்காத" என்றான்.

"கேக்கல."

"சந்திரா."

அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

"நாவமரத்து வளைவுல வீடு வாச ஒண்ணும் கெடையாதுல்ல. அங்கயும் வருசா வருசம் வண்டிய நிறுத்தி ஒரு ஆரன் அடிப்பேன்டா. நீளமா. இருவது வருசமா. ஒங்கிட்டச் சொன்னதில்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? பனியில போன மனுசன். ரோடு எந்தப் பக்கம்னு தெரிய வேணாமா?"

காருக்கு வெளியே பனி அசையாமல் நின்றது.

"வண்டி போனதுலருந்து நான் வெள்ளனே அங்கதான் போயி நிக்கிறேன். வெறுங்கையோட நின்னு என்ன செய்ய? வாயால கூப்பிடவும் கூச்சமா இருக்கு. இந்த வருசம் அடிக்க முடியாதேன்னுதான் எனக்கு ராப்பகலா ஓடுச்சு. ஒனக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போன் எடுக்க? நேத்து நீ யாரு அடிப்பான்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தெரிஞ்சுதான் கேக்குறானோன்னு."

"தெரியாதுடா" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாது."

"இன்னைக்கிப் பந்து ஆரனத்தான் அடிச்சேன். அவருக்குக் கேட்டிருக்குமோ என்னமோ. சத்தம் பத்தாது அது."

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து முன்பலகையில் வைத்தேன். பிறகு இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கினேன். எங்கள் தெரு முழுக்க, பனி முழுக்க, கை வலிக்கும்வரை. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நாய் ஒன்று குரைத்தது.

"அப்பா!" நிலா முன்சீட்டுக்கு எகிறி வந்து என் தோளைப் பிடித்தாள். தமிழில் கேட்டாள். "யாரைத் திட்டுறீங்க?"

"திட்டலம்மா. உங்க தாத்தாவுக்கு ரோடு சொல்றேன்."

முன்பலகையிலிருந்து, ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கனகு கத்தினான்:

"இதெல்லாம் ஒரு அடியாடா? வளைவு பெருசு. இன்னும் நீளமா அடி."